பார்த்ததை எழுதுங்கள், பிரின்சிபால்!

மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் இடம் மாறும் காலம். டெமோ கிளாஸ் எடுத்து, தாளாளரைப் பார்த்து, சம்பளமும் பேசி முடித்தபின் புதிய பள்ளியில் ஒன்று கேட்பார்கள்: "பழைய பிரின்சிபால்கிட்ட ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க." அப்படி வந்துசேரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இவர் எங்கள் பள்ளியில் பணியாற்றியவர், கடமையுணர்வு மிக்கவர், நேரம் தவறாதவர், மாணவர்களிடம் அன்பாகப் பழகுவார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். பெயரை மட்டும் மாற்றினால் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் இதையே கொடுத்தனுப்பலாம்.

இந்தக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தப் பதவியில், எந்தப் பாடம் என்று பதிவேட்டில் இருப்பதைச் சொல்வது அனுபவச் சான்றிதழ். அதை அலுவலக எழுத்தரே தயாரித்துக் கையெழுத்துக்கு வைத்துவிடலாம். பரிந்துரைக் கடிதம் அப்படியல்ல. இந்த ஆசிரியர் வகுப்பில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவரின் கணிப்பு அது. பார்க்காத பிரின்சிபாலால் அதை எழுத முடியாது. வாழ்த்து மட்டும்தான் எழுத முடியும்.

மிகைப்படுத்துவதற்கு நல்ல மனசு மட்டும் காரணமில்லை. வேண்டாத ஆசிரியரை வானளாவப் புகழ்ந்து பக்கத்து ஊருக்கு அனுப்பி வைக்கும் பள்ளிகள் உண்டு. கெட்டிக்கார ஆசிரியரை விட மனமில்லாமல் இரண்டு வரியில் கடிதத்தை முடித்துவிடும் பள்ளிகளும் உண்டு. இதனால் நாளடைவில் கடிதம் படிப்பவர்கள் புகழ்ச்சியை நம்புவதை விட்டுவிட்டார்கள். உண்மையிலேயே திறமையான ஆசிரியருக்குத்தான் இதில் நஷ்டம். அவருக்கும் அதே உரிச்சொற்கள்தானே கிடைக்கின்றன!

ஒரு கற்பனை ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். மெட்ரிக் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறார். இப்போது ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு விண்ணப்பிக்கிறார். அங்கே ஒன்பது, பத்தோடு தேவைப்பட்டால் பதினொன்றாம் வகுப்பும் எடுக்க வேண்டும். எழுத உட்காரும் முன் பிரின்சிபால் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பள்ளியின் வேலை விளம்பரம். தானே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை வகுப்பைப் பார்வையிட்ட குறிப்புகள், மூன்று ஆண்டு மதிப்பெண் பதிவேடு, பாடக்குறிப்பு நோட்டு. இவை இல்லாமல் நினைவிலிருந்து எழுதினால் கடைசியாக நடந்த சண்டையோ ஆண்டுவிழாப் பாராட்டோதான் முன்னால் வந்து நிற்கும்.

முதல் வரியிலேயே, எழுதுபவருக்கு இந்த ஆசிரியையை எவ்வளவு தெரியும் என்பது வந்துவிட வேண்டும். "நான்கு ஆண்டுகளாக இவருடைய முதல்வராக இருக்கிறேன். ஆண்டுக்கு இருமுறையாவது இவர் வகுப்பில் முழுப் பாடவேளையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்" என்று இருந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு வரிக்கும் படிப்பவர் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது புரிந்துவிடும்.

அடுத்து, "கணிதத்தை எளிமையாகக் கற்பிப்பார்" என்று எழுதக் கை வரும். அங்கேதான் நிறுத்தி, எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறோம் என்று பார்வையிடல் குறிப்பைப் புரட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் நடத்திய அன்று பிரின்சிபால் பின் பெஞ்சில் இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் படகின் இறக்கக்கோணம் 30 பாகை. படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கணக்கு. பிள்ளைகளில் பலர் அந்த 30 பாகையைக் கோபுரத்துக்கும் பார்வைக்கோட்டுக்கும் நடுவே குறித்துவிடுவார்கள். குறிக்க வேண்டியது கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி. இடம் மாறினால் சுமார் 104 மீட்டர் வரவேண்டிய விடை 35 மீட்டராகச் சுருங்கிவிடும். இந்த ஆசிரியை சூத்திரத்தைத் தொடவே விடவில்லை. முதலில் எல்லோரும் கண்ணிலிருந்து ஒரு கிடைக்கோடு போட வேண்டும். தப்பாகக் குறித்த இரண்டு பிள்ளைகளைக் கரும்பலகைக்கு அழைத்து, அவர்கள் வாயாலேயே பிழையைச் சொல்லவைத்தார்.

இதைக் கடிதத்தில் மூன்று வரியில் எழுதிவிடலாம். "பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இறக்கக்கோணப் பாடத்தில், சூத்திரம் எழுதும் முன் படத்தைச் சரியாக வரைய வைத்து, தவறாக வரைந்தவர்களைக் கொண்டே திருத்தச் செய்ததைப் பார்த்தேன். நான் பார்த்த மற்ற வகுப்புகளிலும் இதே முறைதான்." கணிதம் தெரிந்த எந்தப் பிரின்சிபாலும் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார். சிறந்த, தலைசிறந்த, ஈடிணையற்ற எதுவும் இதில் இல்லை.

ரிசல்ட்டுக்கு வருவோம். "நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியவர்" என்பது நம் ஊரில் தவறாமல் வரும் வரி. பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டி, சுமாரான பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடும் பள்ளியில் நூறு சதவீதம் ஆசிரியரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். "42 பேர் கொண்ட இவருடைய பிரிவில் காலாண்டுத் தேர்வில் 11 பேர் தேறவில்லை. பொதுத்தேர்வில் தேறாதவர்கள் இருவர். மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்பை இவரும் இன்னொரு கணித ஆசிரியரும் பகிர்ந்து நடத்தினர்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் எண்ணிக்கை பொய்யாகாது, ஆனால் இன்னொருவர் உழைப்பும் இவர் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு பேர் தேறாததை மறைக்க வேண்டியதில்லை. மறைக்காததால்தான் மற்றதை நம்புவார்கள்.

குறையை எழுதலாமா என்பது எல்லோரும் தயங்கும் இடம். எழுதலாம். ஆனால் அந்தக் குறையை ஆசிரியரிடம் முன்பே நேருக்கு நேர் சொல்லியிருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அவர் கிளம்பும்போது கடிதத்தில் முதல்முறையாகச் சொல்வது நியாயமே இல்லை. நம் ஆசிரியை விடைத்தாள் திருத்துவதில் தாமதிப்பவர் என்றால், "விடைத்தாள் தருவதில் தாமதம் உண்டு. காலாண்டுத் தாள்கள் எங்கள் வழக்கமான ஒரு வாரத்துக்குப் பதில் மூன்றாவது வாரம்தான் மாணவர் கைக்குப் போயின. நான்கு பிரிவுகள், ஏறத்தாழ 160 தாள்கள் இவர் பொறுப்பு. பேசியபின் அரையாண்டுத் தாள்களைப் பத்து நாளில் தந்துவிட்டார்" என்று எழுதலாம். என்ன நடந்தது, எந்தச் சுமையில் நடந்தது, சொன்னபின் என்ன ஆனது என்ற மூன்றும் வந்துவிட்டன. இதையே "பொறுப்புணர்வு போதாது" என்று எழுதியிருந்தால் ஒரு பழக்கத்தை எடுத்து ஆளின் குணமாக முத்திரை குத்தியதாகிவிடும்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் இதைச் சேர்ந்ததுதான். "பதினொன்றாம் வகுப்புக்கு இவர் பாடம் எடுத்ததை நான் பார்த்ததில்லை. அதுபற்றி என்னால் சொல்ல இயலாது" என்ற வரி ஆசிரியைக்குக் கெடுதல் செய்யாது. புதிய பள்ளி அந்த வகுப்புக்குத் தனியாக ஒரு டெமோ வைத்துக்கொள்ளும்.

எழுதக் கூடாதவை சில உண்டு. கல்யாணம், பிரசவ விடுப்பு, உடல்நிலை, சாதி, மதம், வீட்டுப் பிரச்சினை, ஸ்டாஃப் ரூம் வதந்தி எதற்கும் இங்கே இடமில்லை. கல்வியாண்டின் நடுவில் விட்டுப் போகிறாரே என்ற கோபத்துக்கும் இடமில்லை. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் சில நிர்வாகங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றனவே!

குழந்தைகள் பாதுகாப்பு மட்டும் வேறு கணக்கு. ஒரு ஆசிரியர்மேல் பாலியல் புகார் வந்தால், சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கி, நல்ல கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவது சமரசமல்ல, குற்றம். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைக் காவல்துறையிடம் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. அங்கே கடிதம் எழுதும் பேச்சுக்கே இடமில்லை, முதலில் புகார்தான்.

உண்மையை எழுதினால் மானநஷ்ட வழக்கு வருமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும், அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவிலும், பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதற்கு விதிவிலக்கு இருக்கிறது. நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் எதிர்பார்ப்பது உரிய கவனத்தையும் எச்சரிக்கையையும். பார்வையிடல் குறிப்பும் பதிவேடும் கையில் இருப்பவருக்கு அது எளிது. யாரோ சொன்னார்கள் என்று எழுதுபவருக்குத்தான் சிக்கல்.

இங்கிலாந்தில் பள்ளிகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டுதல், 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று பொதுவாக எழுதிய கடிதத்தை ஏற்க வேண்டாம் என்கிறது. புதிய பள்ளி நேரடியாகப் பழைய பள்ளியிடம் கேட்டு வாங்க வேண்டும். நம் ஊரிலும் ஒரு போன் போட்டுக் கேட்பது சாதாரண வழக்கம்தான். அந்த போனில் கடிதத்தில் இல்லாத ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்லும் பிரின்சிபால், கடிதத்தையும் கெடுத்து ஆசிரியரையும் கெடுக்கிறார். கடிதத்தில் எழுத முடியாததைப் போனிலும் சொல்லக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்பும் நாளில் போய் நிற்காமல் இரண்டு வாரம் முன்பே, விளம்பரத்தையும் இந்த ஆண்டு செய்த வேலைகளின் சிறு பட்டியலையும் கொடுத்து, "சார், என்னைப் பற்றி நம்பிக்கையா எழுத முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாமல், உங்கள் வகுப்பை உண்மையில் பார்த்த துணை முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ கேளுங்கள். பிரின்சிபால்களுக்கும் ஒன்று: எழுத மனமில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். அனுபவச் சான்றிதழை மட்டும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள், அது அவர் சம்பாதித்தது.