பட்டனில் என்ன எழுதுவது?

2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் தேர்தல் பிரசார இணையதளத்துக்குள் நுழைந்தால் ஒரு படம், மின்னஞ்சல் முகவரி கேட்கும் பெட்டி, பக்கத்தில் ‘சைன் அப்’ என்ற பட்டன், இவைதான் முதலில் கண்ணில் படும். கூகுள் வேலையிலிருந்து அந்தக் குழுவுக்கு வந்திருந்த டான் சிரோக்கர் இந்தப் பட்டனையே சோதனைக்கு எடுத்தார். ‘சைன் அப்’, ‘சைன் அப் நவ்’, ‘ஜாயின் அஸ் நவ்’, ‘லேர்ன் மோர்’ என நான்கு வாசகங்கள். மேலே வைக்க மூன்று படங்கள், மூன்று வீடியோக்கள். மொத்தம் 24 சேர்க்கைகள். தளத்துக்கு வந்த 3,10,382 பேருக்கும் இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டினார்கள்.

பிரசாரக் குழுவினருக்கு வீடியோக்களின் மேல்தான் நம்பிக்கை. ஆனால் மூன்று வீடியோக்களுமே படங்களிடம் தோற்றன. ஒபாமாவின் குடும்பப் படமும் ‘லேர்ன் மோர்’ பட்டனும் சேர்ந்த பக்கம் ஜெயித்தது. பழைய பக்கத்தில் நூற்றுக்கு 8.26 பேர் முகவரி கொடுத்திருந்தார்கள், புதியதில் 11.6 பேர் கொடுத்தார்கள்.

நன்றாகக் கவனித்தால் பக்கம் கேட்டது மாறவேயில்லை. அதே பெட்டி, அதே முகவரி. வாக்காளர்களில் பலருக்கு அப்போது ஒபாமா புது முகம். ‘சேருங்கள்’ என்றால் கட்சி கட்டச் சொல்வதுபோல இருக்கும்; ‘மேலும் அறிய’ என்றால் அந்த நேரத்தில் அவர்கள் மனதில் இருந்ததோடு ஒத்துப்போகும். ஏற்கெனவே மனதை முடிவு செய்துவிட்டவர்கள் வருகிற பக்கத்தில் இதே வாசகம் தோற்கவும் கூடும். பதிவு செய்யச் சொல்லும் இடத்தில் எதிரே இருப்பவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று பார்த்துத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைக்கு நேரில் வரவழைப்பது வேறு வேலை. அங்கே தடையாக இருப்பது தயக்கத்தைவிட மறதியும் சோம்பலும்தான். இதற்கு 1965இல் வெளியான ஒரு ஆய்வு நல்ல பாடம். யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு லெவன்தாலும் அவருடன் வேலை செய்தவர்களும் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் ஊசி பற்றிய துண்டறிக்கை கொடுத்தார்கள். சிலருக்குப் பயமுறுத்தும் படங்களோடு கொடுத்தார்கள். பயம் ஊசியின் மேல் நல்ல எண்ணத்தை உண்டாக்கியது. ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் அவ்வளவாகக் கிளம்பிப் போகவில்லை. சிலருடைய அறிக்கையில் மருத்துவ நிலையத்தைக் குறித்த வளாக வரைபடம், ஊசி போடும் நேரம், எப்போது போகலாம் என்று தங்கள் வகுப்பு அட்டவணையைப் பார்க்கச் சொல்லும் வேண்டுகோள் இவையும் இருந்தன. இவை இல்லாதவர்களில் 3 சதவீதம் பேர்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். இருந்தவர்களில் 28 சதவீதம் பேர். இத்தனைக்கும் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியாத இடமல்ல!

‘இன்றே வருகை தாரீர்’ என்று அச்சடிக்கும் நம் ஊர்க் கடைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஞாயிறும் இரவு 9 வரை திறந்திருக்கும்’ என்ற வரி வாசகர் மனதில் ஒரு கிழமையையும் ஒரு பாதையையும் போட்டுவிடுகிறது. கைபேசி விளம்பரம் என்றால் பட்டன் ‘வழி பார்க்க’ என்றிருந்து, தொட்டதும் மேப் திறக்க வேண்டும். கடையின் முகப்புப் பக்கம் திறந்தால் வந்தவர் மறுபடியும் முகவரி தேட வேண்டியிருக்கும்.

போன் செய்ய வைப்பதற்கு அமெரிக்க டி.வி. விற்பனை விளம்பரங்களை எழுதிய கொலீன் ஸாட் செய்த மாற்றம் பெயர் பெற்றது. ‘ஆபரேட்டர்கள் காத்திருக்கிறார்கள், உடனே அழையுங்கள்’ என்ற வழக்கமான வரியை எடுத்துவிட்டு, ‘ஆபரேட்டர்கள் வேறு அழைப்பில் இருந்தால் மீண்டும் அழையுங்கள்’ என்று போட்டார். விற்பனை எகிறியது. முதல் வரி சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் காட்டுகிறது. இரண்டாவது, நிறையப் பேர் வாங்குவதாகக் காட்டுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சியால்டினி விளக்குகிறார். ஆனால் போனே வராத கடை இதைப் பார்த்து எழுதினால் அது பொய். அதைவிட, போனை எடுப்பது யார், எத்தனை மணி வரை எடுப்பார்கள் என்று உண்மையைச் சொல்வது மேல். கடை மூடிய பிறகு அழைப்பு பட்டனைக் காட்டவே கூடாது. எடுக்காத அழைப்புக்கும் விளம்பரக் காசு போகும்.

ஆப் விஷயத்தில் ஏமாற்றுவது எண்ணிக்கை. ‘பரிசு வெல்ல இன்ஸ்டால் செய்க’ என்றால் இறக்குபவர்கள் குவிவார்கள். பரிசு இல்லை என்றதும் அழித்துவிடுவார்கள். ‘உங்கள் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க இன்ஸ்டால் செய்க’ என்றால் குறைவானவர்களே வரலாம், ஆனால் அவர்கள் பஸ் பார்க்க வருகிறவர்கள். ஆகவே இன்ஸ்டால் எண்ணிக்கையோடு, ஒரு வாரம் கழித்தும் ஆப்பைத் திறக்கிறவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும். சிரோக்கர் குழுவும் பட்டனைத் தொட்டவர்களை வைத்து வெற்றியை முடிவு செய்யவில்லை. முகவரியைக் கொடுத்து முடித்தவர்களைத்தான் எண்ணியது.