பதினைந்து லட்சமா, பதினாறரை லட்சமா?

கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கையை வங்கி மேனேஜர் கதைப் புத்தகம் போல முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. முதல் பக்கச் சுருக்கத்தில் மொத்தச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்ப்பார். அங்கிருந்து செலவு அட்டவணைக்குத் தாவுவார், அடுத்து தவணை அட்டவணைக்கு. கால்குலேட்டரை எடுத்து இரண்டு மூன்று இடங்களில் கூட்டியும் வகுத்தும் பார்ப்பார். முதல் பக்கத்தில் 15 லட்சமும் எட்டாம் பக்கத்தில் 16.51 லட்சமும் இருந்தால், அதன் பிறகு அந்த அறிக்கையில் இருக்கும் எந்த எண்ணையும் அவர் சும்மா நம்ப மாட்டார்.

எழுதியவர் கணக்குத் தெரியாதவர் என்பதால் இப்படி ஆவதில்லை. அறிக்கை எழுதி முடித்த பிறகு ஓர் எண் மாறுகிறது. அது எங்கெங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்பது எழுதியவருக்கே மறந்துபோகிறது. இதை ஓர் உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

ஒருவர் மரச்செக்கு எண்ணெய் ஆலை தொடங்க அறிக்கை தயாரிக்கிறார். கொட்டகை முன்பணமும் சீரமைப்பும் 3,00,000 ரூபாய், செக்கும் வடிகட்டியும் சேர்த்து மெஷின் செலவு 8,40,000, மின் இணைப்பு 60,000, நடைமுறை மூலதனம் 3,00,000. மொத்தம் 15,00,000. இதில் சொந்த முதல் 3 லட்சம், அதாவது 20 சதவீதம். வங்கிக் கடன் 12 லட்சம். எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. சமர்ப்பிப்பதற்கு முன் கொட்டேஷனை இன்னொரு தடவை பார்க்கும்போதுதான் அடியில் இருக்கும் சிறு எழுத்து கண்ணில் படுகிறது: ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. மெஷினுக்கு இன்னும் 1,51,200 ரூபாய் வேண்டும். மெஷின் செலவு 9,91,200 ஆகிறது, மொத்தச் செலவு 16,51,200.

உடனே செலவு அட்டவணையைத் திருத்திவிடுகிறார். வேலை முடிந்ததாகத் தோன்றும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

கூடுதல் தொகையை யார் போடுவது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். கடனை 13 லட்சமாக உயர்த்தி, சொந்த முதலை 3,51,200 ஆக்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சொந்த முதல் 20 சதவீதம் அல்ல, 21.3 சதவீதம். 'விண்ணப்பதாரர் 20 சதவீதம் முதலீடு செய்கிறார்' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிய வாக்கியம் தவறாகிவிட்டது. தேய்மானக் கணக்கும் கேள்விக்குள்ளாகிறது. கட்டிய ஜிஎஸ்டியைப் பிறகு வரி வரவாக எடுக்கப் போகிறாரா, மெஷின் விலையோடு சேர்க்கப் போகிறாரா என்பதைப் பொறுத்துத் தேய்மானம் மாறும். இதை ஆடிட்டரிடம் கேட்டு, எடுத்த முடிவை அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது தவணை அட்டவணை. அசலை ஐந்து ஆண்டுகளில் மாதம் தவறாமல் சமமாகக் கட்டுவதாகவும், வட்டி 11 சதவீதம், குறையும் நிலுவைக்கு மட்டும் என்றும் கொள்வோம். 12 லட்சம் கடனுக்கு முதல் ஆண்டில் அசல் 2,40,000, வட்டி 1,19,900, சேர்த்து 3,59,900. கடன் 13 லட்சம் ஆனால் அசல் 2,60,000, வட்டி ஏறக்குறைய 1,29,900, சேர்த்து 3,89,900. ஆலையின் மற்றச் செலவுகள் போக, கடன் கட்டுவதற்காகக் கையில் நிற்கும் பணம் முதல் ஆண்டில் 5,40,000 என்று அறிக்கை சொல்கிறது. வங்கியில் டிஎஸ்சிஆர் என்று சொல்லும் விகிதம் இதிலிருந்துதான் வருகிறது: கையில் நிற்கும் பணத்தை அந்த ஆண்டு கட்ட வேண்டிய அசல், வட்டித் தொகையால் வகுக்க வேண்டும். பழைய கணக்கில் அது 1.50. புதிய கணக்கில் 1.38.

சுருக்கத்தில் 1.50 என்று அப்படியே இருந்து, தவணை அட்டவணை மட்டும் புதிதாகியிருந்தால், கால்குலேட்டர் வைத்திருக்கும் எவருக்கும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடனை அடைக்கும் வலிமையைக் காட்டும் எண் என்பதால் வங்கி முதலில் தேடுவதும் இதைத்தான். 1.38 என்று நேர்மையாக எழுதியிருந்தால் மேனேஜர் அதைப் பற்றிப் பேசுவார், தவணைக் காலத்தை நீட்டலாமா என்று கேட்பார். 1.50 என்று எழுதி 1.38 வந்தால், மறைத்தாரோ என்ற சந்தேகம் எழும். மறைக்க நினைக்காத ஒருவர் மேல் அப்படிப் பழி விழுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

வரைபடத்தில் இருக்கும் ஆபத்து வேறு வகை. பழைய கணக்கில் செலவைக் காட்டும் வட்ட வரைபடத்தில் மெஷின் 56 சதவீதம், கொட்டகை 20, நடைமுறை மூலதனம் 20, மின் இணைப்பு 4. புதிய கணக்கில் 60, 18, 18, 4. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், இரண்டும் சரியாக 100. பழைய வரைபடம் தனக்குள் எந்தப் பிழையும் இல்லாமல்தான் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் மட்டுமே அது பழையது என்று தெரியும். வரைபடத்தை எக்செல்லிலிருந்து படமாக எடுத்து ஒட்டியிருந்தால், எக்செல்லில் எதைத் திருத்தினாலும் அந்தப் படம் மாறாது. அதனால் வரைபடங்களைத் திருத்த முயல வேண்டாம். எண்கள் எல்லாம் உறுதியான பிறகு பழையவற்றை நீக்கிவிட்டு மறுபடி எடுத்து ஒட்டுங்கள்.

எக்செல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. செலவு நான்கு வரிகளில் இருந்து, கூட்டுத்தொகைக் கட்டத்தில் கீழே உள்ள சூத்திரம் இருக்கிறது என்று கொள்வோம்.

```
=SUM(B3:B6)
```

ஜிஎஸ்டியைத் தனி வரியாக அதற்குக் கீழே, ஏழாம் வரியில் சேர்த்தால், சூத்திரம் சில சமயம் பழைய நான்கு வரிகளை மட்டுமே கூட்டிக்கொண்டு நிற்கும். வரி கண்ணுக்குத் தெரியும், கூட்டுத்தொகையில் இருக்காது. பெரிய நிறுவனங்களும் இப்படிச் சறுக்கியிருக்கின்றன. கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின் நிறுவனம் 2003-இல் ஓர் ஏலத்துக்கான அட்டவணையை வெட்டி ஒட்டும்போது வரிசைகள் மாறிப்போய், 2.4 கோடி அமெரிக்க டாலர் இழந்தது. இதற்கு ஒரு தடுப்பு உண்டு. மொத்தச் செலவு B8-இலும், சொந்த முதலும் கடனும் சேர்ந்த தொகை E8-இலும் இருந்தால், வெறும் கட்டம் ஒன்றில் இதைப் போட்டு வைக்கலாம்:

```
=IF(ROUND(B8-E8,0)=0,"OK","CHECK")
```

செலவும் வரவும் ஒரு ரூபாய் பிசகினாலும் அந்தக் கட்டம் சொல்லிவிடும்.

ஆனால் வாக்கியங்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. தேடும்போது '15,00,000' என்று மட்டும் தேடினால் போதாது. அதே தொகை '15 லட்சம்' என்றும், '15.00' என்றும், '1500000' என்றும், 'ரூபாய் பதினைந்து லட்சம் மட்டும்' என்று எழுத்தாலும் இருக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும். அதிலிருந்து பிறந்த எண்களும் உண்டு: 20 சதவீதம், மாதம் 20,000 ரூபாய் அசல் என்பவை. இவற்றில் '15' என்ற இலக்கமே இருக்காது.

இதற்கு நான் நம்புவது பழைய காகித முறையைத்தான். ஒரு தாளில் அறிக்கையின் முக்கிய எண்களை எழுதுங்கள். இந்த ஆலைக்கு இருபது எண்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் அலகு, அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது, எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று குறியுங்கள். மெஷின் விலைக்கு மூலம் கொட்டேஷன். செலவு அட்டவணை அல்ல. அட்டவணையை மூலமாக எடுத்துக்கொண்டால் அதன் பிழை எல்லாப் பக்கத்துக்கும் பரவும். பிறகு அறிக்கையை அச்சிட்டு, ஒருவர் தாளிலிருந்து எண்ணை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அறிக்கையில் அதே எண்ணைக் கண்டு டிக் அடிக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகங்களில் இது அன்றாட வேலை. டிக் விழாத எண் ஏதாவது மிஞ்சினால், அது தாளில் சேர்க்காமல் விட்ட எண், இல்லையென்றால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத எண். எழுதியவர் மட்டும் தனியே சரிபார்த்தால், இருக்க வேண்டிய எண்ணைத்தான் கண் படிக்கும். இருக்கும் எண்ணை அல்ல.

தாளில் அலகுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாளுக்கு 150 கிலோ நிலக்கடலைப் பருப்பு, ஆண்டுக்கு 300 நாள், முதல் ஆண்டில் 60 சதவீதத் திறன் என்றால் ஆண்டுக்கு 27,000 கிலோ பருப்பு. நூற்றுக்கு நாற்பது எண்ணெய் என்றால் 10,800 கிலோ. ஆனால் கடையில் விற்பது லிட்டரில். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறக்குறைய 0.91 கிலோ, ஆக 10,800 கிலோ என்பது சுமார் 11,870 லிட்டர். உற்பத்தி அட்டவணையின் 10,800-ஐ அப்படியே விற்பனை அட்டவணைக்குக் கொண்டுபோய் லிட்டர் 300 ரூபாய் என்று பெருக்கினால், ஆண்டு விற்பனை 3 லட்சத்துக்கும் மேல் குறைந்துபோகும். இரண்டு அட்டவணையிலும் 10,800 என்றே இருப்பதால் டிக் அடிப்பவர் கண்ணுக்கு அது ஒத்துப்போனதாகத்தான் தெரியும். அதே போல, விற்பனைக்கு 60 சதவீதமும் கச்சாப் பொருளுக்கு வேறு சதவீதமும் எடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெயும் பிண்ணாக்கும் சேர்ந்த எடை, ஆட்டிய பருப்பின் எடையைத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஏதோ ஓர் அட்டவணை வேறு அனுமானத்தில் ஓடுகிறது.

கடைசியாகப் பார்க்க வேண்டியது அறிக்கைக்கு வெளியே இருக்கிறது. மானியத் திட்டங்களுக்கான இணைய விண்ணப்பத்தில் திட்டச் செலவைத் தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். பல நாட்களுக்கு முன் பாதி நிரப்பி விட்டிருந்தால் அதில் பழைய 15 லட்சமே இருக்கும். அந்தத் தொகையை வைத்துக் கடன் அனுமதியானால், மெஷின் விற்பவருக்குப் பணம் கட்டும் நாளில் 1,51,200 ரூபாய் குறையும். ஜிஎஸ்டி பிறகு வரவாகக் கிடைத்தாலும், மெஷின் வண்டியேறும் நாளில் முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒத்துப்போன பிறகும் இந்தச் சோதனை ஒன்றைச் சொல்லாது: நூற்றுக்கு நாற்பது எண்ணெய் உண்மையில் இறங்குமா, ஆண்டுக்கு 300 நாள் செக்கு ஓடுமா என்பதை. அதற்குப் பருப்பு மூட்டையோடு செக்கடிக்குப் போய், ஒரு நாள் ஆட்டி, எண்ணெயை எடை போட்டுப் பார்க்க வேண்டும். 40-க்குப் பதில் 38 வந்தால் தாளில் அந்த எண்ணைத் திருத்திவிட்டு, டிக் அடிப்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.