இரண்டாவது ஊரின் பெயர்

பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் அமைந்துள்ள கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 915 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அசையாதிருக்கும் இரவுகளில் அந்த மேட்டுநிலம் விரைந்து குளிர்கிறது. விடியும் வேளையில் ஓடுதளத்தின்மீது மூடுபனி படிந்துவிடுகிறது. அப்போது வந்து சேரும் விமானங்கள் சில சென்னைக்குத் திரும்பிச் செல்கின்றன. பயணிகளுக்கு அது எதிர்பாராத தொல்லை. விமானிக்கோ அது புறப்படும் முன்பே எழுதி வைக்கப்பட்ட வழி.

ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு பறப்புத் திட்டம் உண்டு. விமானத்தின் அடையாளம், வகை, வேகம், உயரம், செல்லும் வழி ஆகியவற்றைக் குறித்து, புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரத்திற்கு முன் வான்போக்குவரத்துப் பணியினரிடம் அதனை அளிக்க வேண்டும். தில்லியிலிருந்து அதிகாலை 4.30 மணிக்குப் பெங்களூருக்குப் புறப்படும் விமானம் ஒன்றைக் கொள்வோம். அதன் திட்டத்தில் இவ்விரு வரிகளும் இருக்கும்:

```
-VIDP2300
-VOBL0230 VOMM
```

VIDP என்பது தில்லி, VOBL பெங்களூர், VOMM சென்னை. திட்டத்தில் உலகப் பொது நேரமே எழுதப்படும். அது இந்திய நேரத்திற்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. ஆதலால் அதிகாலை 4.30 என்பது முந்தைய நாள் இரவு 2300 ஆகிறது. 0230 என்பது பயண நேரமாகிய இரண்டரை மணி. இறுதியில் நிற்கும் VOMM, பெங்களூரில் இறங்க இயலாவிடில் செல்ல வேண்டிய மாற்று விமான நிலையம்.

மாற்று நிலையத்தை விருப்பம்போல் எழுதிவிட முடியாது. விமானம் அங்கு சென்று சேரக்கூடிய நேரத்தில் வானிலை இறங்கத்தக்கதாக இருக்கும் என்று முன்னறிவிப்பு கூற வேண்டும். சென்னை கடற்கரை நகரம். பெங்களூரின் பனி பெரும்பாலும் அங்கே இராது. ஆயினும் போகிப் பண்டிகைக் காலையில் பழைய பொருள்களை எரிக்கும் புகை பனியோடு கலந்து சென்னை ஓடுதளத்தையும் மறைப்பதுண்டு. 2018ஆம் ஆண்டு போகியன்று அங்குப் பல விமானங்கள் தடைபட்டன. அத்தகைய நாளில் ஐதராபாத்தையோ கோயம்புத்தூரையோ எழுதுவதே அறிவுடைமை.

ஊரின் பெயரை எழுதினால் மட்டும் போதாது. அவ்வூர் வரை செல்லும் எரிபொருளும் தொட்டியில் இருக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க, விமானம் நிமிடத்திற்கு 40 கிலோ எரிக்கிறது எனக் கொள்வோம். பெங்களூர் வரை 150 நிமிடத்திற்கு 6,000 கிலோ. எதிர்காற்று போன்றவற்றிற்காக அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 300 கிலோ. பெங்களூரில் இறங்க முயன்று, முடியாமல் மேலெழுந்து, சென்னையை அடைய 40 நிமிடத்திற்கு 1,600 கிலோ. இவற்றிற்கு மேல், 30 நிமிடம் வானில் வட்டமிடப் போதுமான 1,200 கிலோ. இதுவே இறுதி இருப்பு. ஓடுதளம் வரை தரையில் ஊர்ந்து செல்லச் சிறிது எரிபொருள் தனி.

இறுதி இருப்பு செலவழிப்பதற்காக ஏற்றப்படுவதன்று. எந்த நிலையத்தில் இறங்கினாலும் அது தொட்டியில் எஞ்சியிருக்கும் வகையில் பயணத்தை நடத்த வேண்டும் என்பதே விதி. அது குறைந்துவிடும் என்று கணக்கு காட்டினால், விமானி வானொலியில் ‘மேடே’ என்று மும்முறை கூறி எரிபொருள் நெருக்கடியை அறிவிக்க வேண்டும்.

இப்போது பெங்களூரில் பனி. காத்து வட்டமிட்டதில் அந்த 300 கிலோ தீர்ந்தது, மீதம் 2,800. முதல் முயற்சி பலிக்கவில்லை. உடனே சென்னைக்குத் திரும்பினால் எல்லாம் கணக்கின்படி நடக்கும். “இன்னும் ஒரு முறை பார்ப்போம்” என்று பத்து நிமிடம் செலவிட்டால் 400 கிலோ போய்விடும். பின்பு சென்னையில் இறங்கும்போது எஞ்சுவது 800 மட்டுமே. விதி உறுதியளிப்பது பெங்களூரில் இறங்குவதை அன்று; குறித்த நேரத்தில் முடிவெடுத்தால் இரண்டாவது ஊரில் இறங்க முடியும் என்பதை மட்டுமே.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த போயிங் 737 விமானத்திற்கு நேர்ந்தது இதுவே. அதன் திட்டத்தில் மாற்று நிலையம் பெங்களூர். கொச்சியில் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. மூன்று முறை முயன்றும் இறங்க முடியவில்லை. அதற்குள் பெங்களூர் செல்லும் எரிபொருள் கரைந்துவிட்டது. எனவே அருகிலிருந்த திருவனந்தபுரத்திற்கு விமானம் திரும்பியது. அங்கும் வானிலை மோசம். ‘மேடே’ அறிவிக்கப்பட்டது. அங்கும் மூன்று முயற்சிகள் வீணாகி, மொத்தத்தில் ஏழாவது முயற்சியில் விமானம் தரை தொட்டது. ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். ஆனால் தீண்டக்கூடாத அந்த அரை மணி நேர இருப்பில் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. திட்டத்தில் எழுதிய பெங்களூர் தவறான தேர்வன்று. அங்குச் செல்லத் திரும்ப வேண்டிய நேரம்தான் கொச்சியின் மேலேயே கடந்துவிட்டது.

உரிய நேரத்தில் சென்னைக்குத் திரும்பிய விமானத்தின் பயணம் அங்கேயே முடிவதில்லை. பனி விலகியபின் எரிபொருள் நிரப்பிப் புதிய பறப்புத் திட்டம் அளிக்க வேண்டும். புறப்படும் இடம் VOMM. சேரும் இடம் VOBL. மாற்று நிலையமாகப் பல நேரங்களில் மீண்டும் VOMM என்றே எழுதப்படும்.