கடைசி அடுக்கில் திணறும் விஞ்ச்

சரிவில் ஏற்றும் பாரம் கயிற்றை இரண்டு வகையில் பின்னுக்கு இழுக்கிறது. ஒன்று, எடையில் சரிவின் வழியே கீழ்நோக்கிச் செயல்படும் பங்கு. மற்றொன்று சக்கரங்களின் உராய்வு. தள்ளுவண்டியோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள படகு ஒன்றை, 4 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரும் சிமென்ட் சரிவில் 60 மீட்டர் தூரம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடையில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 2450 நியூட்டன், சரிவுக்கே போய்விடும். உராய்வையும் சேர்த்தால் கயிறு தாங்க வேண்டிய விசை சுமார் 3000 நியூட்டன்.

இந்த விசையை டிரம்மின் மையத்திலிருந்து கயிறு இருக்கும் தூரத்தால் பெருக்கினால் டிரம்முக்கு வேண்டிய முறுக்குவிசை கிடைக்கும். டிரம்மின் விட்டம் 150 மி.மீ., கயிற்றின் தடிமன் 8 மி.மீ. என்றால் முதல் அடுக்கில் அந்தத் தூரம் 79 மி.மீ.; முறுக்குவிசை 237 நியூட்டன் மீட்டர்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். படகு கீழே இருக்கும்போது கயிறு வெளியே கிடக்கும். டிரம்மில் மூன்று சுற்று மட்டும் விடாமல் நிற்கும். கயிற்றின் நுனிப் பிடிப்பு அறுந்துவிடாமல் காப்பது அந்தச் சுற்றுகள்தான். படகு ஏற ஏறக் கயிறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. ஓர் அடுக்குக்கு 30 சுற்று கொள்ளும் டிரம்மில், ஏறத்தாழ 48 மீட்டரைத் தாண்டியதும் நான்காம் அடுக்கு தொடங்கும். அப்போது தூரம் 103 மி.மீ. ஆகிவிடும். பாரம் அதேதான், முறுக்குவிசை மட்டும் 309 ஆகிறது, 30 சதவீதம் கூடுதல்.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுழல்கிறது. 80-க்கு 1 என்ற கியர் விகிதத்தில் டிரம் 18 முறை சுற்றும். முதல் அடுக்கில் நிமிடத்துக்கு 9 மீட்டர் ஏறும் படகு, நான்காம் அடுக்கில் 11.6 மீட்டர் ஏறும். வேகம் கூடும் அளவுக்கு மோட்டார் மீது சுமையும் கூடுகிறது. வார்ம் கியரில் ஆற்றலின் பெரும் பகுதி உராய்வில் வீணாகும். 55 சதவீதமே டிரம்முக்கு வருவதாகக் கொண்டால், மோட்டார் முதல் அடுக்கில் 5.4 நியூட்டன் மீட்டரும் நான்காவதில் 7 நியூட்டன் மீட்டரும் தர வேண்டும்.

1.1 கிலோவாட் மோட்டார் தருவது 7.3. முதல் அடுக்கை மட்டும் பார்த்தால் தாராளமாகத் தெரியும். மேலே போனதும் கையிருப்பு ஏதும் இல்லை. சக்கரத்தில் மணல் சிக்கினாலே போதும், கரை எட்டும் நேரத்தில் மோட்டார் இரைந்து சூடாகி, ஓவர்லோடு ரிலே விழுந்துவிடும். 1.5 கிலோவாட் மோட்டார் சுமார் 10 தரும். இந்த வேலைக்கு அதுவே சரி. டிரம்மை நீளமாக்கி அடுக்குகளைக் குறைப்பதும் நல்ல வழி. கப்பி போட்டால் விசை பாதியாகும். ஆனால் கயிறு இரு மடங்கு வேண்டியிருப்பதால் அடுக்குகள் கூடி, அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

பெயர்த்தகட்டில் இருக்கும் இழுவிசை வழக்கமாக முதல் அடுக்குக்கானது. விஞ்ச் வாங்குபவர்கள் கடைசி அடுக்கில் அது எவ்வளவு இழுக்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.