அடுத்த முறை யாரைக் கூப்பிடுவது?

யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் தேர்வானவர்கள் பட்டியலுக்கு அடுத்தபடியாக ரிசர்வ் லிஸ்ட் ஒன்றும் உண்டு. மிச்சமிருக்கும் இடங்களுக்கு அதிலிருந்து பின்னால் ஆள் எடுப்பார்கள். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் இந்த வழக்கம் கிடையாது. ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததும் மற்றவர்களின் விண்ணப்பம் கட்டோடு கிடப்பில் போய்விடும்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று மெர்ச்சன்டைசர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஐரோப்பிய பையர்களோடு நேரில் பேசிப் பழகியவருக்கு வேலை கிடைக்கிறது. இரண்டாமவர் குழந்தைகள் உடையில் தேர்ந்தவர். 8 மாதம் கழித்துக் குழந்தைகள் உடைக்குப் பெரிய ஆர்டர் வந்தால், முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான்.

அதற்கான வேலை, அவருக்கு இல்லை என்று சொல்லும் நாளிலேயே தொடங்குகிறது. நேர்காணல் செய்தவரே போனில் பேசி முடிவையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். “வேறு இடம் வந்தால் கூப்பிடலாமா? உங்கள் விவரங்களை ஒரு வருடம் வைத்திருக்கலாமா?” என்று கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். “கட்டாயம் கூப்பிடுகிறோம்” என்று மட்டும் சொல்லக் கூடாது. அதை நம்பி அவர் வேறு வாய்ப்பை விட்டுவிடலாம்.

அன்றைக்கே குறிப்பும் எழுதிவிட வேண்டும். ‘நல்ல கேண்டிடேட்’ என்ற குறிப்பு 8 மாதம் கழித்து எதற்கும் உதவாது. ‘காஸ்டிங் தெளிவாகப் போடுகிறார், குழந்தைகள் உடையில் அனுபவம், பையரோடு நேரடியாகப் பேசியதில்லை, நோட்டீஸ் 30 நாள்’ என்று இருந்தால் எடுத்தவுடன் புரியும். இரண்டு இடம் இருந்திருந்தால் இவரையும் எடுத்திருப்போமா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டுமே பெயரைச் சேர்க்க வேண்டும். இரக்கப்பட்டுச் சேர்த்தால் பட்டியல் நீண்டு, பழைய விண்ணப்பக் கட்டாகவே மாறிவிடும்.

பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அவர் பெயர் சொல்லி ஒரு சிறு செய்தி போதும். குழந்தைகள் உடைப் பிரிவு தொடங்கப் போவது போல அவருக்குப் பயன்படும் தகவல் இருந்தால் எழுதலாம். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் வாழ்த்தை அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். இரண்டு முறை பதில் வராவிட்டால் நிறுத்திக்கொள்வதே மரியாதை. அவர் இப்போது வேலை பார்க்கும் அலுவலக எண்ணுக்கோ மெயிலுக்கோ ஒருபோதும் தொடர்பு கொள்ளக் கூடாது. ஒரு வருடம் முடிந்ததும் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும், அல்லது விவரங்களை அழித்துவிட வேண்டும்.

இடம் காலியானதும் இப்போதைய சம்பளம், மாறும் எண்ணம், நோட்டீஸ் காலம் மூன்றையும் புதிதாகக் கேட்க வேண்டும். எல்லாச் சுற்றையும் திரும்ப நடத்தத் தேவையில்லை. புதிய வேலைக்கு வேண்டிய விஷயத்தை மட்டும் சோதித்தால் போதும். விளம்பரம், விண்ணப்பச் சலிப்பு, முதல் சுற்று ஆகியவற்றுக்கான வாரங்கள் மிச்சமாகும். நோட்டீஸ் காலம் குறையாது. இடம் காலியாகும் என்று தெரிந்த அன்றே போன் போட்டால்தான் இந்தப் பட்டியலின் முழுப் பலனும் கிடைக்கும்.