பொரித்த சிக்கனில் கறி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு?

எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி அரைக் கிலோ. துண்டு போட்டு, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, பிரெட் தூளில் உருட்டிய பிறகு மொத்த எடை 650 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து மறுபடி தராசில் வைத்தால் 570 கிராம்தான் இருக்கிறது. எடை 80 கிராம் குறைந்துவிட்டது. அப்படியானால் துண்டுகள் எண்ணெயே குடிக்கவில்லையா?

நன்றாகவே குடித்திருக்கின்றன. பொரிக்கும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. துண்டிலிருந்து தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. எண்ணெய் உள்ளே போகிறது. வெளியேறும் தண்ணீரின் எடை அதிகம், நுழையும் எண்ணெயின் எடை குறைவு. தராசு இரண்டின் வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும். பொரிப்பதற்கு முன்னும் பின்னும் துண்டுகளை மட்டும் நிறுத்துப் பார்ப்பவருக்கு எண்ணெயின் கணக்கு கிடைக்காமல் போவது இதனால்தான்.

எண்ணெயை அறிய வேண்டுமானால் எண்ணெயையே நிறுக்க வேண்டும். இதற்கு ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். முதலில் கறியைத் தனியாக நிறுத்துக்கொள்ள வேண்டும். மைதா, முட்டை, பிரெட் தூள் மூன்றையும் கிண்ணத்தோடு நிறுத்து வைத்து, துண்டுகளைப் புரட்டி முடித்த பிறகு மிச்சத்தோடு மறுபடி நிறுத்தால், எது எவ்வளவு துண்டில் ஒட்டியது என்பது தெரிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் மைதா 40 கிராம், முட்டை 50 கிராம், பிரெட் தூள் 60 கிராம், ஆகப் பூச்சு 150 கிராம். அடுத்து வாணலியை எண்ணெயோடு நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பொரித்து முடித்து, எண்ணெய் முழுதாக ஆறிய பிறகு அதே வாணலியை மறுபடி நிறுக்க வேண்டும். 55 கிராம் குறைந்திருக்கிறது என்று கொள்வோம்.

அந்த 55 கிராமும் துண்டுகளுக்குள் போய்விடவில்லை. பொரித்ததை வடித்துப் போட்ட தாளை முன்னும் பின்னும் நிறுத்தால் அதில் 10 கிராம் எண்ணெய் இறங்கியிருப்பது தெரியும். மீதி 45 கிராம்தான் துண்டுகள் குடித்தது. இப்போது தண்ணீரின் கணக்கும் வந்துவிடுகிறது. போட்டது 650, குடித்த எண்ணெய் 45, கூட்டினால் 695. கைக்கு வந்தது 570. ஆக 125 கிராம் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது.

இந்த முறையில் தவறு நேரும் இடங்கள் உண்டு. உதிர்ந்த பிரெட் தூள் வாணலியின் அடியில் தங்கினால் அதன் எடையும் வாணலியோடு சேர்ந்துவிடும். குறைந்த எண்ணெய் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். அதனால் எண்ணெயை வடிகட்டி, அடியில் தங்கிய கசடைத் தனியாக நிறுக்க வேண்டும். அடுப்பைச் சுற்றித் தெறித்ததும் ஜல்லிக்கரண்டியில் ஒட்டியதும் துண்டுகளின் கணக்கில் ஏறிவிடும். ஒன்றிரண்டு துண்டுகளை மட்டும் பொரித்தால் இந்தச் சிறு பிழைகளே விடையை விழுங்கிவிடும். அரைக் கிலோவுக்குக் குறையாமல் பொரித்தால்தான் கணக்கு நம்பத் தகுந்ததாக இருக்கும்.

அடுத்த கேள்வி, குடித்த 45 கிராம் எண்ணெய் எங்கே இருக்கிறது என்பது. பொரித்த துண்டுகள் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மேலோட்டை உரித்தால் கறி ஒரு பக்கம், மேலோடு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். முட்டையின் புரதமும் கறியின் மேற்பரப்புப் புரதமும் சூட்டில் இறுகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் ஒட்டியிருக்கும் கடைசிப் படலத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். நம் எடுத்துக்காட்டில் கறி 400 கிராம், மேலோடு 170 கிராம். அரைக் கிலோ கறி 100 கிராம் இளைத்திருக்கிறது. மேலோடு தன் தண்ணீரை இழந்தாலும் எண்ணெயையும், கறியிலிருந்து கசிந்த சாற்றில் கொஞ்சத்தையும் வாங்கி, முன்பிருந்ததைவிடக் கனத்திருக்கிறது.

எண்ணெயில் பெரும்பங்கு அந்த மேலோட்டில்தான் இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. மாவில் தோய்த்துத் தோலோடு பொரித்த நெஞ்சுக்கறியில், 100 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 13 கிராம், ஆற்றல் 260 கலோரி. பொரித்ததில் மேலே உள்ள தோலையும் மாவையும் நீக்கிய வெறும் கறியில் கொழுப்பு 4.7 கிராம், ஆற்றல் 187 கலோரி. எண்ணெயே இல்லாமல் சுட்ட, தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் கொழுப்பு சுமார் 3.6 கிராம், ஆற்றல் 165 கலோரி. பொரித்து உரித்த கறிக்கும் சுட்ட கறிக்கும் கொழுப்பில் இடைவெளி ஒரு கிராம் அளவுதான். கொதிக்கும் எண்ணெயில் மூழ்கிக் கிடந்தும் கறி ஏறக்குறைய எண்ணெய் படாமலேயே வெந்திருக்கிறது.

இதற்குக் காரணம் நீராவி. எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது மேலோட்டில் உள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிச் சிறு துளைகள் வழியே வெளியே பாய்கிறது. துண்டைப் போட்டதும் எழும் சலசலப்பு அதன் சத்தம்தான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே புக முடியாது. கறியின் நடுவில் தண்ணீர் இருக்கும் வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டுவதும் இல்லை.

துண்டை வெளியே எடுத்த நொடியிலிருந்து நிலைமை மாறுகிறது. துளைகளில் இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. மேற்பரப்பில் படிந்திருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. உருளைக்கிழங்கு வறுவலில் சாயம் கலந்த எண்ணெயைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் இதைத்தான் காட்டின. வாணலியில் இருக்கும்போது உள்ளே போவது சிறு பங்கு. பெரும் பங்கு வெளியே எடுத்து ஆறும்போது போகிறது. மேலோடுள்ள சிக்கனிலும் இதே வேலைதான் நடக்கிறது.

அதனால் எடுத்த கையோடு எண்ணெயை உதற வேண்டும். ஜல்லிக்கரண்டியில் வைத்தபடி வாணலிக்கு மேலேயே சில நொடிகள் ஆட்டி வடித்து, பிறகு கம்பித்தட்டில் பரப்பினால் மேற்பரப்பு எண்ணெய் உறிஞ்சப்படும் முன் இறங்கிவிடும். சூடாக இருக்கும் எண்ணெய் நீர்த்து ஓடும். ஆறினால் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு தாளில் ஒற்றினால் வருவது மேலே மிஞ்சிய கொஞ்சம்தான்.

இனி ஆற்றல் கணக்கு. பச்சை நெஞ்சுக்கறி 500 கிராமில் சுமார் 600 கலோரி. மைதா, முட்டை, பிரெட் தூள் மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 450. எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி வீதம் 45 கிராமில் 405. மொத்தம் 1455. இதை 570 கிராமுக்குப் பிரித்தால் 100 கிராமில் 255 கலோரி வருகிறது. அமெரிக்கப் பட்டியலின் 260-க்கு மிக அருகில். எடையில் பத்தில் ஏழு பங்கு கறிதான். ஆனால் ஆற்றலில் கறியின் பங்கு ஐந்தில் இரண்டுதான். மீதி பூச்சிலும் எண்ணெயிலும் இருக்கிறது.

துண்டு சிறுத்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். நாலு சென்டிமீட்டர் கனசதுரத் துண்டு ஒன்றை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் எட்டுத் துண்டு கிடைக்கும். கறி அதேதான், மேற்பரப்பு மட்டும் இரு மடங்கு. பூச்சு ஒட்டுவதும் எண்ணெய் ஏறுவதும் மேற்பரப்பில்தான் என்பதால், ஒரு வாய்க்கு அடங்கும் பாப்கார்ன் சிக்கனில் கறியின் பங்கு பெரிய துண்டைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. அமெரிக்காவில் பிரெட் தூள் பூசிய கோழி என்று விற்கப்படும் பண்டத்தில் பூச்சு மொத்த எடையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

கடையில் வாங்கிய துண்டுக்கு வாணலிக் கணக்கு உதவாது. அங்கே ஆய்வுக்கூடம் வேண்டும். மேலோட்டையும் கறியையும் தனித்தனியே பிரித்து, உலர்த்தி, பொடித்து, பெட்ரோலியம் ஈதர் போன்ற கரைப்பானில் மீண்டும் மீண்டும் அலசினால் கொழுப்பு முழுவதும் கரைந்து வந்துவிடும். கரைப்பானை ஆவியாக்கினால் மிஞ்சுவதை நிறுத்துவிடலாம். ஆனால் அதில் பொரித்த எண்ணெயோடு கோழியின் சொந்தக் கொழுப்பும் கலந்திருக்கும். தோலோடு பொரித்த துண்டில் இந்தக் கலப்பு கணிசமானது.

இரண்டையும் கொழுப்பு அமிலங்களைக் கொண்டு பிரித்தறியலாம். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் சுமார் 60 சதவீதம். கோழிக் கொழுப்பில் சுமார் 20 சதவீதம். பிரித்தெடுத்த கொழுப்பில் அது 52 சதவீதம் இருந்தால், 20-க்கு மேல் ஏறியது 32. முழுக்கச் சூரியகாந்தி எண்ணெயாக இருந்தால் 40 ஏறியிருக்கும். 40-இல் 32 என்றால், ஐந்தில் நாலு பங்கு பொரித்த எண்ணெய், ஒரு பங்கு கோழியின் கொழுப்பு. பாமாயிலில் பொரித்திருந்தால் லினோலிக் அமிலம் உதவாது. அதில் மிகுந்திருக்கும் பால்மிடிக் அமிலத்தைப் பார்க்க வேண்டும். பல தடவை காய்ச்சிய எண்ணெயில் லினோலிக் அமிலம் சிதைந்து குறைவதால், கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது புது எண்ணெயை அல்ல, பொரித்த அதே வாணலி எண்ணெயை.

மேலோட்டை உரித்தால் கிடைப்பது முழுதும் கறிதானா என்பது கடைசிக் கேள்வி. முழுத் தசையை வெட்டிப் பொரித்த துண்டென்றால் ஆம். அரைத்துக் கூழாக்கி அச்சில் வார்த்த நக்கெட் என்றால் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகர மருத்துவர்கள் இரண்டு துரித உணவுக் கடைகளில் வாங்கிய நக்கெட்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றில் தசை பாதியளவுதான். மற்றதில் சுமார் 40 சதவீதம். மீதி கொழுப்பு, தோலிழை, இணைப்புத் திசு, நரம்பு, எலும்புத் துணுக்கு. பார்த்தவை இரண்டே மாதிரிகள் என்பதால் எல்லா நக்கெட்டும் இப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உரித்த பாகத்தை எல்லாம் கறி என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு அது போதும்.

வாங்குபவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை; கையும் கண்ணும் உண்டு. துண்டைப் பிய்த்துப் பாருங்கள். கறி நார் நாராகப் பிரிந்தால் அது முழுத் தசை. எந்தப் பக்கம் பிய்த்தாலும் ஒரே மாதிரி உதிர்ந்தால் அது அரைத்து வார்த்தது. மேலோட்டின் கனத்தையும் பாருங்கள். எண்ணெயைக் குறைக்க நினைப்பவர், தட்டில் வந்த பிறகு அந்த மேலோட்டில் பாதியை உரித்து ஒதுக்கினாலே துண்டு குடித்த எண்ணெயில் ஏறக்குறையப் பாதி வெளியே போய்விடும்.