பகுதியில் நிற்கும் வர்க்கமூலம்

ஒரே கணக்கைச் செய்த மாணவர் இருவர் இரு வேறு விடைகளைப் பெறுகின்றனர். ஒருவரின் விடை 1/(√3 + √2). அஃதாவது, மூன்றின் வர்க்கமூலத்தையும் இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் ஒன்றை வகுத்தல். மற்றவரின் விடை √3 − √2. முன்னதில் கூட்டலும் வகுத்தலும் உள்ளன. பின்னதில் கழித்தல் மட்டுமே உண்டு. இருவருள் ஒருவர் தவறியிருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இருவரும் சரியே.

நேயர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டால் இதனைத் தாமே சோதித்து அறியலாம். √3 இன் பெறுமானம் ஏறத்தாழ 1.732, √2 இன் பெறுமானம் ஏறத்தாழ 1.414. இவற்றின் கூட்டுத்தொகை 3.146. ஒன்றை இதனால் வகுக்க, மூன்று தசமதானங்களுக்கு 0.318 கிடைக்கும். இனி 1.732 இலிருந்து 1.414 ஐக் கழித்தாலும் அதே 0.318 தான். முன்னதற்கு நெடிய வகுத்தல் தேவைப்பட்டது. பின்னதோ ஒரே வரியில் முடிந்தது. கணக்கைக் கையாற் செய்த காலத்தில், பகுதியிலுள்ள மூலத்தை நீக்கும் வழக்கத்துக்கு இவ்வசதியே ஒரு பெருங்காரணமாயிற்று.

ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்குச் செல்லும் வழி யாது? ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணாற் பெருக்கினால் அதன் பெறுமானம் மாறுவதில்லை. ஆகவே, எந்த எண்ணாற் பெருக்கினால் பகுதியிலுள்ள மூலம் மறையும் என்பதே கேள்வி. பகுதியில் √3 மட்டும் தனித்து நின்றிருந்தால் √3 ஆற் பெருக்குவதே போதும், மூன்று வந்துவிடும். இரு மூலங்களின் கூட்டுத்தொகை நிற்கும்போது அவ்வழி உதவாது. பலர் இங்கேதான் வழி தவறுகின்றனர். √3 + √2 ஐ அதே √3 + √2 ஆற் பெருக்கினால் 3 + 2 ஆகிய ஐந்து மட்டும் வருவதில்லை. √3 உம் √2 உம் ஒன்றையொன்று இருமுறை பெருக்குவதால் 2√6 உம் உடன் வரும். ஆகவே பகுதி 5 + 2√6 ஆகிறது. ஒரு மூலத்தை நீக்கப் புகுந்து மற்றொரு மூலத்தைக் கொணர்ந்ததே கண்ட பலன்.

கூட்டற் குறியைக் கழித்தற் குறியாக மாற்றி √3 − √2 ஆற் பெருக்குவதே உரிய வழி. அப்போது பெருக்கம் 3 − √6 + √6 − 2 என விரியும். இடைநின்ற இரண்டு √6 உம் எதிர்க்குறி பெற்று ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சுவது 3 − 2, அஃதாவது ஒன்று. தொகுதியில் √3 − √2 நிற்கும். பகுதி ஒன்றாதலின், அதுவே முழு விடையாகும்.

பகுதி எப்போதும் ஒன்றாகிவிடும் என்று கருதலாகாது. 1/(√5 + √2) ஐ எடுத்துக்கொண்டால், √5 − √2 ஆற் பெருக்கியபின் பகுதியில் 5 − 2, அஃதாவது மூன்று நிற்கும். விடை (√5 − √2)/3. மூலங்களுக்குள் இருக்கும் எண்களின் வித்தியாசமே புதிய பகுதி என்பதை நினைவிற் கொண்டால் பிழை நேராது.

இனி, பகுதியில் மூலம் நிற்பது ஒரு குற்றமா? அன்று, அது வசதி பற்றிய வழக்கமே. மூலமற்ற பகுதியுடைய விடைகளை ஒப்பிடுவதும் கூட்டுவதும் எளிது. ஆயினும் எதிர்த்திசையிற் செல்வதே நலமாகும் இடமும் உண்டு. √101 − 10 இன் பெறுமானம் வேண்டும் என்க. நான்கு தசமதானங்களுக்கு √101 என்பது 10.0499. பத்தைக் கழித்தால் எஞ்சுவது 0.0499, நம்பத்தக்க இலக்கங்கள் மூன்றே. அதே பெறுமானத்தை 1/(√101 + 10) என எழுதி, ஒன்றை 20.0499 ஆல் வகுத்தால் 0.0498756 கிடைக்கிறது, ஏழு தசமதானங்கள் வரை இது சரியானது. பயன்படுத்திய மூலம் இரண்டிலும் ஒன்றே.

இவ்வேறுபாட்டின் காரணம் மறைவானதன்று. 10.0499 என்பதில் உள்ள வழு, மிகுந்தால் 0.00005. ஏறத்தாழ 0.05 ஆகிய சிறு விடையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது என்னும் பெரிய பகுதியில் அதுவே நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் அழிந்துபோக, வழு மட்டும் குறையாது நிற்கிறது. கணினியிற் கணக்கிடுவோரும் இக்காரணம்பற்றியே, இத்தகைய இடங்களில் மூலத்தைத் தொகுதியிலிருந்து பகுதிக்கு இறக்கிவிடுகின்றனர். ஒரே பெருக்கல் இருதிசைக்கும் வழிவிடுகிறது. எத்திசையிற் செல்வது என்பதைக் கணக்கின் தேவையே தீர்மானிக்கும்.